சிறுகடன் ஃபீல்ட் ஆபீசர் வேலை: கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

போன மாசி மாதம் பெகுவிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். "அண்ணே, ரெண்டு இடத்துல வேலை கிடைச்சிருக்கு, ரெண்டும் மைக்ரோஃபைனான்ஸ். ஒண்ணுல அஞ்சு லட்சம் வரைக்கும் வருமாம், இன்னொண்ணுல நாலுதான் சொல்றாங்க, நான் அஞ்சுக்கே போயிடவா?" என்றாள். நான் அந்த வேலையில் ஆறு வருஷம் பைக் ஓட்டியவன், அதனால் "வரைக்கும்" என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இரண்டு கடிதத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அன்று இரவு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பர்மாவில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் பத்தாவதோ டிகிரியோ முடித்ததும் முதலில் போய் நிற்கும் வேலைகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. பர்மிய மொழி சரளமாகப் பேசினால் போதும், பைக் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடுப்பது சுலபமாக இருக்கிற வேலையை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் பெட்ரோல் விலையையும் உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று தாள்

வேலைக் கடிதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் அடிப்படைச் சம்பளமும் "நிறுவன விதிகளின்படி ஊக்கத்தொகை" என்ற ஒற்றை வரியும்தான் இருக்கும். கூடவே இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று ஊக்கத்தொகை அட்டவணை, அதாவது எத்தனை வாடிக்கையாளர், எவ்வளவு கடன் பாக்கி, எவ்வளவு தவணை தவறினால் எவ்வளவு காசு என்கிற பட்டியல். இன்னொன்று பயணச் செலவு விதி, பெட்ரோல் காசு மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருகிறார்களா, ஓடிய கிலோமீட்டருக்குத் தருகிறார்களா என்பது.

தர மாட்டோம், உள்விஷயம் என்றார்கள் என்றால் கோபப்பட வேண்டாம், ஆனால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் ஊக்கத்தொகை அட்டவணையைச் சேரும் முன்பே காட்டுகிற இடத்தில் அந்த அட்டவணை ஓரளவு நியாயமாக இருக்கும். காட்டாத இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை மாற்றுவார்கள், மாறியது உங்களுக்குச் சம்பளச் சீட்டில்தான் தெரியும்.

சம்பளத்தில் எது சம்பளம்

தங்கச்சிக்கு வந்த முதல் கடிதத்தில் அடிப்படை 2,60,000 கியாட், ஊக்கத்தொகை அதிகபட்சம் 2,00,000, பெட்ரோல் காசு 40,000. மூன்றையும் கூட்டி "ஐந்து லட்சம் வரை" என்று நேர்முகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கடிதத்தில் அடிப்படை 3,60,000, ஊக்கத்தொகை அதிகபட்சம் 50,000, பெட்ரோல் ஓடிய கிலோமீட்டர் கணக்குப்படி.

இங்கே முதலில் பெட்ரோல் காசைத் தூக்கி வெளியே வையுங்கள். அது சம்பளம் கிடையாது. உங்கள் பைக்கில் ஊற்றி எரிந்துபோகிற காசு. அதைச் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்லும் இடத்தில் வேறு எதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். மிச்சத்தில் நிலையான பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தை, அடிப்படையும் அதிகபட்ச ஊக்கத்தொகையும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். முதல் இடத்தில் 2,60,000 வகுத்தல் 4,60,000, ஏறக்குறைய 57 சதவீதம். இரண்டாவதில் 3,60,000 வகுத்தல் 4,10,000, 88 சதவீதம்.

முக்கால் பங்குக்குக் கீழே போனால் நான் யோசிப்பேன், பாதிக்குப் பக்கத்தில் வந்தால் போக மாட்டேன். இது சட்டம் இல்லை, என் சொந்த அளவுகோல். காரணம் அடுத்து வருகிறது.

ஊக்கத்தொகையைப் பூட்டி வைக்கும் பூட்டு

இந்தத் தொழிலில் எல்லா அட்டவணைக்கும் ஒரு பூட்டு இருக்கும். ஆங்கில எழுத்தில் பி.ஏ.ஆர். 30 என்று போட்டிருப்பார்கள். 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன்களின் மொத்தப் பாக்கி, உங்கள் கையிலுள்ள எல்லாக் கடனின் மொத்தப் பாக்கியில் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. கவனமாகப் படியுங்கள். தவறிய தவணையை மட்டும் எண்ணுவது இல்லை, தவறியவரின் முழுப் பாக்கியும் கணக்கில் ஏறும். ஒரு அக்கா 30,000 கியாட் தவணையைக் கட்டவில்லை, அவருக்கு இன்னும் மூன்று லட்சம் பாக்கி இருக்கிறது என்றால், கணக்கில் ஏறுவது மூன்று லட்சம்.

தங்கச்சியின் முதல் கடிதத்தோடு வந்த அட்டவணையில் இப்படி ஒரு வரி: பி.ஏ.ஆர். 30 இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதம் ஊக்கத்தொகை கிடையாது. குறையும் என்று கூட இல்லை, கிடையாது. அவளுக்கு அது சின்ன விஷயமாகப் பட்டிருக்கிறது. "ரெண்டு பர்சென்ட்டுதானே அண்ணே, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் கட்டுவாங்களே" என்றாள்.

சரி, கணக்குப் போடுவோம். அவளிடம் 320 வாடிக்கையாளரைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரியாக மூன்று லட்சம் பாக்கி என்று வைத்தால் மொத்தம் 9 கோடியே 60 லட்சம். அதில் இரண்டு சதவீதம் 19 லட்சத்து 20 ஆயிரம். ஆறு பேர் தவறினால் 18 லட்சம், தப்பித்தாள். ஏழாவது ஆள் தவறினால் 21 லட்சம், அந்த மாத ஊக்கத்தொகை போச்சு. 320 பேரில் ஏழு பேர். ஒரு கிராமத்தில் ஒரே இடத்தில் கூடித் தவணை கட்டும் 15 பேர் கொண்ட ஒரே ஒரு சென்டர் வெள்ளத்தில் சிக்கினால் 45 லட்சம், நாலரை சதவீதத்துக்கு மேல், அது இறங்கி வர மாதக்கணக்கில் ஆகும்.

பெகுவில் வெள்ளம் என்பது கற்பனை இல்லை. 2023 அக்டோபரில் நகரத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். வயல்காட்டு ஊர்களில் அந்த மாதிரி மாதத்தில் கடன் வாங்கியவர் வீட்டு வாசலுக்குப் போவதற்கே படகு வேண்டும், தவணையைப் பற்றி எப்படிப் பேசுவது?

இந்தப் பூட்டில் இன்னொரு தந்திரமும் உண்டு. சதவீதம் இறங்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தவறியவர்களிடம் வசூலிப்பது, இன்னொன்று புதுக் கடன் நிறையப் போட்டு மொத்தத் தொகையைப் பெரிதாக்குவது. முதலாவது கஷ்டம், இரண்டாவது சுலபம், அதனால் மேனேஜர்கள் இரண்டாவதைத்தான் விரட்டுவார்கள். மாத இலக்கு 25 புது வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தால், அதில் எத்தனை பேர் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறுவனத்தில் கடன் வாங்கியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தெருவில் திங்கட்கிழமை ஒரு நிறுவனத்தின் சென்டர், புதன்கிழமை வேறு நிறுவனத்தின் சென்டர், இரண்டிலும் அதே அக்கா உட்கார்ந்திருப்பார். இவருக்கு நீங்கள் இன்று போடும் கடன்தான் எட்டு மாதம் கழித்து உங்கள் ஊக்கத்தொகையைச் சாப்பிடும்.

ஆகவே இலக்கைப் பார்க்கும்போது எண் பெரிதா சின்னதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். நேர்முகத்தில் நேராகக் கேளுங்கள்: போன வருஷம் இதே பகுதியில் வேலை பார்த்த ஆபீசர்களில் எத்தனை பேர் இந்த இலக்கைத் தொட்டார்கள், எத்தனை மாதம் தொட்டார்கள்? பதில் தெளிவாக வந்தால் நல்லது. "முயற்சி செய்தால் எல்லாரும் தொடலாம்" என்று வந்தால் அதற்கு அர்த்தம் யாரும் தொடுவதில்லை என்பதுதான்.

யாருடைய கடனை உங்கள் தலையில் வைக்கிறார்கள்

புதிதாகச் சேருகிறவருக்குப் பெரும்பாலும் வெற்றுப் புத்தகம் கிடைக்காது. போனவர் விட்டுப்போன சென்டர்கள்தான் கிடைக்கும். அவர் ஏன் போனார் என்று கேளுங்கள். ஒப்படைக்கும் நாளில் அந்தச் சென்டர்களின் பி.ஏ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். ஏற்கெனவே நாலு சதவீதத்தில் இருக்கும் பகுதியை வாங்கிக்கொண்டு இரண்டு சதவீதப் பூட்டோடு வேலை பார்த்தால், அந்த இரண்டு லட்சம் ஊக்கத்தொகை உங்களுக்கு முதல் ஆறு மாதம் கண்ணிலேயே படாது. பழைய பாக்கியைத் தனியாகப் பிரித்து, நீங்கள் போட்ட கடனுக்கு மட்டும் உங்களைக் கணக்குக் கேட்பார்களா, குறைந்தது மூன்று மாதம் அவகாசம் தருவார்களா என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு சென்டருக்கும் போய், ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் வாங்கி, ஆபீஸ் கணினியில் இருக்கும் பாக்கியோடு ஒப்பிட வேண்டும். இதற்கு இரண்டு வாரம் ஆகும், மேனேஜர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. எனக்கு ஒரு முறை 11 பேரின் பாஸ்புக்கில் கட்டியதாக இருந்தது, கணினியில் கட்டவில்லை என்று இருந்தது. முன்னால் இருந்தவர் வாங்கிய காசை ஆபீசில் கட்டவில்லை. நான் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன், அதனால் விசாரணையில் முதல் கேள்வி என்னிடம்தான் வந்தது.

பைக்குக்கு யார் சாப்பாடு போடுவது

ரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார் பைக்குக்குத் தடை, அங்கே ஃபீல்ட் ஆபீசர் பஸ்ஸிலும் சைக்கா ரிக்‌ஷாவிலும் நடந்தும் போவார். அது வேறு கணக்கு, பஸ் டிக்கெட்டை எழுதி வைத்தால் போதும். பெகு, டைக்கு, நியாங்லேபின் பக்கம் பைக் இல்லாமல் இந்த வேலை இல்லை, பைக் பெரும்பாலும் உங்களுடையது.

தங்கச்சியை நான் செய்யச் சொன்னது இதுதான். சேரும் முன் ஒரு நாள், அவளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன ஊர்களுக்குப் பைக்கில் போய் வரச் சொன்னேன். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து முதல் சென்டர், அங்கிருந்து இரண்டாவது, பிறகு ஆபீஸ், பிறகு வீடு. மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தாள், 45 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் 990.

அவள் பைக் நல்ல சாலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டருக்கு மேலே ஓடும். வயல் வரப்பு, மழைச் சேறு, இரண்டாவது கியர், பின்னால் பெரிய பை, இதெல்லாம் சேர்ந்தால் 35 என்று வைப்பதுதான் நேர்மை. 990-ஐ 35-ஆல் வகுத்தால் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் 3,000 கியாட் என்று வைத்தால் 85,000. இதோடு எஞ்சின் ஆயில், டயர், செயின், பஞ்சர், பிரேக் என்று மாதம் 20,000 ஒதுக்க வேண்டும். எல்லா மாதமும் செலவாகாது, ஆனால் டயர் மாற்றுகிற மாதத்தில் மொத்தமாக வந்து அடிக்கும். ஆக மாதச் செலவு 1,05,000. முதல் இடம் தருவது 40,000. மிச்சம் 65,000 அவள் சம்பளத்திலிருந்து போகிறது, அடிப்படைச் சம்பளத்தில் கால்வாசி.

மொத்தமாகத் தரும் பெட்ரோல் காசில் இன்னொரு கோளாறு இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறினாலும் அது ஏறாது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசையில் நின்று, கிடைக்காமல், வெளியே பாட்டிலில் விற்பதைக் கூடுதல் விலைக்கு வாங்கிய நாட்கள் நமக்குப் புதிதில்லை. கிலோமீட்டர் கணக்கில் தருகிற இடத்திலும் எந்த விலையில் கணக்குப் போடுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை அந்த விலையைத் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். தவணை தவறியவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும் பயணத்துக்கும் காசு உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் சென்டர் கூட்டத்துக்குப் போகும் பயணத்துக்கு மட்டும்தான் உண்டு.

அப்புறம் "வித்அவுட்" பைக் விஷயம். லைசென்ஸ் இல்லாத பைக்கில் ஆபீஸ் வேலையாகப் போகும்போது போலீஸ் பிடித்து வைத்தால் நிறுவனம் உங்களுக்காக வராது. பைக் லைசென்ஸ் இருக்கிறதா என்று வேலைக்கு எடுக்கும்போது கேட்காத இடம், பைக் போனால் பிறகும் கேட்காது.

வசூல் நெருக்கடியைக் கண்ணால் பார்ப்பது

இது தாளில் இருக்காது. ஒரு நாள் ஏதாவது ஒரு ஆபீசரோடு போய்த்தான் பார்க்க வேண்டும். "வேலையைப் புரிந்துகொள்ள ஒரு நாள் கூட வரலாமா" என்று மேனேஜரிடம் கேளுங்கள், நல்ல இடம் அனுப்பும். அனுப்பாவிட்டால் உறவிலோ தெருவிலோ கடன் வாங்கிய யாராவது இருப்பார்கள், அவர்கள் சென்டருக்குப் போய் ஓரமாக உட்காருங்கள்.

நான் சேர்ந்த முதல் வாரம் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காலை எட்டு மணி, ஒரு வீட்டின் மாடிக்குக் கீழே பாய் விரித்து 13 பெண்கள். பாஸ்புக்குகள் ஒரு அடுக்காக, ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த நோட்டு. என்னைப் பழக்கிய அக்கா ஒவ்வொன்றாக எண்ணி, கையெழுத்துப் போட்டு, அடுத்ததை எடுத்தார். 13 முடிந்தது. பதினான்காவது புத்தகம் வந்தது, காசு இல்லை, ஆளும் இல்லை. "சயாமா, அவ புருஷன் ஆஸ்பத்திரியில" என்றார் குழுத் தலைவி. ஐந்து பேர் கொண்ட குழு, ஒருவர் தவறினால் மற்ற நாலு பேர் பொறுப்பு என்பது விதி. நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி ஆனது, யாரும் எழுந்து போகவில்லை, போக விடவில்லை என்று சொல்வதுதான் சரி. அடுத்த சென்டர் ஒன்பதரைக்கே தொடங்கியிருக்க வேண்டும், அங்கே வேறு 16 பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த அக்கா தன் கைப்பையைத் திறந்து, சொந்தக் காசு 25,000-ஐ எடுத்துப் பாஸ்புக்குள் வைத்து, கட்டியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தக் கைக்காசு போடும் பழக்கம்தான் இந்த வேலையின் உண்மையான நோய். அட்டவணை அதைத் தடை செய்திருக்கும், ஆனால் பூட்டு அப்படி இருக்கும்போது 25,000 போட்டு 80,000 ஊக்கத்தொகையைக் காப்பாற்றலாம் என்று யாருக்கும் தோன்றும். முதல் மாதம் ஒருவருக்கு, மூன்றாவது மாதம் நாலு பேருக்கு. திருப்பித் தருவார்கள் என்று நம்பிப் போடுகிறோம், பாதிப் பேர் தருவார்கள். 2021 பிப்ரவரிக்குப் பிறகு வங்கிகளில் காசு எடுக்க முடியாமல் ஊரே திண்டாடியபோது, இப்படிக் கைக்காசு போட்டு வந்த என் கூட்டாளிகள் சிலர் தாங்களே வட்டிக்கு வாங்கி முடித்தார்கள். நானும் அதில் ஒருவன், தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஒரு நாள் கூடப் போகும்போது இவற்றைப் பாருங்கள். பணம் வராத சென்டரில் ஆபீசர் என்ன செய்கிறார்? எழுதிக்கொண்டு கிளம்புகிறாரா, உட்கார்ந்தே இருக்கிறாரா? மாலையில் ஆபீசுக்குத் திரும்பியபோது மேனேஜர் முதலில் என்ன கேட்கிறார்? "எவ்வளவு வரவில்லை, ஏன்" என்று கேட்கிற இடம் வேறு, "வராமல் நீ ஏன் திரும்பினாய்" என்று கேட்கிற இடம் வேறு. வைபர் குழுவில் ஒவ்வொரு ஆபீசரின் பாக்கியையும் பெயரோடு தினமும் போடுகிறார்களா? இருட்டிய பிறகு வசூலுக்கு அனுப்புகிறார்களா? பெண் பிள்ளை தனியாக, பையில் சில லட்சங்களோடு, வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கும் சாலையில் ஏழு மணிக்கு வருவது என்பது இலக்கு அட்டவணையில் ஒரு வரியாகக் கூடக் காணாது.

இன்னொன்று இப்போது புதிதாக வந்திருக்கிறது. வாடிக்கையாளர் கேபிஸெட் பே, வேவ் பே மூலம் அனுப்பும் தவணை யாருடைய கணக்குக்குப் போகிறது? நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போனால் சரி. "சயாமா, உங்க நம்பருக்கே அனுப்பிடறேன்" என்று வந்து, அதை நீங்கள் ரொக்கமாக மாற்றிக் கட்ட வேண்டும் என்றால், மாற்றும் கமிஷன் உங்களுடையது, ஒரு நாள் கணக்கு முடங்கினால் அந்தப் பொறுப்பும் உங்களுடையது.

வெளியே வந்தவர்களிடமும் பேசுங்கள், வேலையில் இருப்பவர் உண்மையைப் பாதிதான் சொல்வார். கேட்க வேண்டியது "வேலை எப்படி" என்று இல்லை. "ஆகஸ்ட் மாத சம்பளச் சீட்டில் எவ்வளவு இருந்தது" என்று கேளுங்கள். டிசம்பரில் நெல் அறுவடை, பிப்ரவரி மார்ச்சில் உளுந்தும் பயறும் விற்று (நம் உளுந்து கப்பல் ஏறி இந்தியாவில் இட்லியாகிறது, அந்தக் காசில் ஒரு பங்கு எங்கள் தவணைப் புத்தகத்துக்கு வரும்) எல்லாரும் கட்டிவிடுவார்கள். எந்த நிறுவனமும் அந்த மாதச் சீட்டைத்தான் காட்டும். ஏப்ரலில் திஞ்ஞான் விடுமுறை, ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, ஆகஸ்டில் தண்ணீர், அந்தச் சீட்டுகள்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

மூன்று வகை மாதம் போட்டோம்: நல்ல மாதம், சாதாரண மாதம், வெள்ள மாதம். சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தொழிலாளி பங்கு இரண்டு சதவீதம், ஆனால் 3,00,000 வரைக்கும்தான் கணக்கு, அதனால் அதிகபட்சம் 6,000. முதல் இடத்தில் 5,200 பிடிப்பார்கள், இரண்டாவதில் 6,000.

முதல் இடம், நல்ல மாதம்: அடிப்படை 2,60,000, முழு ஊக்கத்தொகை 2,00,000, இதில் பயணத்துக்குக் கையிலிருந்து 65,000-ம் நிதிக்கு 5,200-ம் போனால் 3,89,800. சாதாரண மாதத்தில் ஊக்கத்தொகை 80,000 என்று வைத்தால் 2,69,800. வெள்ள மாதத்தில் ஊக்கத்தொகை பூஜ்யம், தவறியவர்களைத் தேடி இன்னும் ஒரு 300 கிலோமீட்டர் ஓட வேண்டும், அது இன்னொரு 26,000, ஆக 1,63,800.

இரண்டாவது இடத்தில் பெட்ரோலை அவர்களே தருவதால் கையிலிருந்து போவது பைக் பராமரிப்பு 20,000 மட்டும். நல்ல மாதம் 3,84,000. சாதாரண மாதம் ஊக்கத்தொகை 20,000 வைத்தால் 3,54,000. வெள்ள மாதம் 3,34,000.

நல்ல மாதத்தில் முதல் இடம் ஜெயிக்கிறது, ஆனால் ஜெயிப்பது 5,800 கியாட்டால். தங்கச்சி இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வருஷத்தில் மூன்று மாதம் நல்லது, ஆறு மாதம் சாதாரணம், மூன்று மாதம் வெள்ளம் என்று வைத்தால் முதல் இடம் வருஷத்துக்கு ஏறக்குறைய 32 லட்சத்து 80 ஆயிரம், இரண்டாவது 42 லட்சத்து 78 ஆயிரம். கைக்காசு போட்டதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கு தலைகீழாகிற இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நகரத்துக்குள்ளே சந்தைக் கடைக்காரர்களுக்குக் கடன், சென்டர்கள் எல்லாம் நடந்து போகும் தூரம், பூட்டு ஐந்து சதவீதத்தில், அதற்கு மேல் போனாலும் ஊக்கத்தொகை படிப்படியாகத்தான் குறையும் என்று இருந்தால், நிலையான பங்கு 60 சதவீதமாக இருந்தாலும் போகலாம். அங்கே பயணச் செலவும் இல்லை, ஒரே நாளில் 15 பேர் சேர்ந்து மூழ்கும் ஆபத்தும் குறைவு. கெட்டிக்கார ஆபீசருக்கு அது நல்ல சம்பாத்தியம்.

கையெழுத்துக்கு முன் கடைசியாகச் சில

ஒப்பந்தம் வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் எழுத்தில் வர வேண்டும், 2013 சட்டம் அப்படிச் சொல்கிறது. பயிற்சிக் காலம் மூன்று மாதம்தான், "இன்னும் மூன்று மாதம் பார்க்கிறோம்" என்றால் அந்தக் காலத்துக்கும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வசூலில் குறைந்த காசைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று வரி இருந்தால், யார் விசாரித்து முடிவு செய்வார்கள், நமக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டா என்று பாருங்கள், 2016 ஊதியச் சட்டப்படி பிடித்தத்துக்குப் பாதிச் சம்பளம் என்ற வரம்பு உண்டு. வாடிக்கையாளர் கட்டாத கடனுக்கு உங்கள் சம்பளத்தில் கை வைக்கலாம் என்று எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜாமீனுக்கு இரண்டு பேர் கேட்பது வழக்கம்தான். அவர்களில் ஒருவராக அப்பாவைப் போடும் முன், திருட்டுக்கு மட்டும் ஜாமீனா, கடன் பாக்கிக்கும் சேர்த்தா என்று அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். அடையாள அட்டை, டிகிரிச் சான்றிதழ், வீட்டுக் குடும்பப் பட்டியல், எல்லாவற்றிலும் நகல்தான் கொடுக்க வேண்டும். அசல் அடையாள அட்டையை வேலை விடும் வரை ஆபீஸ் அலமாரியில் வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. நம் ஆட்களுக்கு அந்த அட்டையை எடுக்கவே எத்தனை வருஷம் அலைந்தோம் என்று தெரியும், அது இல்லாமல் பக்கத்து ஊருக்குக் கூடப் போக முடியாது.

தங்கச்சி இரண்டாவது இடத்துக்குப் போனாள். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட இரண்டு வாரம் இழுத்தாளாம், மேனேஜருக்குக் கோபம். 290 பாஸ்புக்கில் மூன்றில் மட்டும் பாக்கி ஒத்துப்போகவில்லை, அந்த மூன்றையும் தனித் தாளில் எழுதி மேனேஜரிடமே கையெழுத்து வாங்கி, போனில் படம் பிடித்து எனக்கும் அனுப்பி வைத்திருக்கிறாள்.